ஒரு சிலிண்டர், நூறு யூனிட்: திருகோணமலைக் குசினியில் இன்டக்‌ஷன் அடுப்பின் உண்மைச் செலவு

இன்டக்‌ஷன் அடுப்பு லாபமா, கேஸ் லாபமா என்று கேட்டால் திருகோணமலையில் இரண்டு விதமான பதில் வரும். உவர்மலையில் ஒரு வீட்டில் "கேஸ் செலவு பாதியாகிவிட்டது" என்பார்கள். அடுத்த ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டில், அதே அடுப்பு, அதே சமையல், "பில்லைப் பார்த்ததும் அடுப்பைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன்" என்பார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். வித்தியாசம் அடுப்பில் இல்லை. அடுப்பு வருவதற்கு முன்னரே அந்த வீட்டு மீற்றர் மாதம் எத்தனை யூனிட் ஓடிக்கொண்டிருந்தது என்பதில் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள முதலில் கேஸையும் கரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. ஆனால் அது முழுவதும் சட்டிக்குள் போவதில்லை. சுவாலை சட்டியின் அடியைத் தொட்டுவிட்டு ஓரத்தால் மேலே ஏறிப் போகிறது. அடுப்பைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. குசினிக்குள் நிற்பவரையும் சூடாக்குகிறது. வீட்டில் வைத்துச் சமைக்கும்போது பாதி வெப்பம் உணவுக்குப் போனால் நல்ல கணக்கு. இன்டக்‌ஷனில் சட்டியின் அடியே சூடாகிறது, இடையில் சுவாலை இல்லை. அதனால் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் உணவுக்குப் போய்ச் சேருகிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலையை இன்டக்‌ஷனில் சுமார் 8 யூனிட் செய்துவிடும். 12.5 கிலோ சிலிண்டர் என்றால் சுமார் 100 யூனிட். இது கைக்கு அடக்கமான எண். சிலிண்டரின் விலையை நூறால் வகுத்தால், இன்டக்‌ஷனுக்காகக் கூடுதலாக ஓடும் ஒரு யூனிட்டுக்கு நீங்கள் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பது வந்துவிடும். 2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பில் 1,493 ரூபா. அன்றைய எல்லை யூனிட்டுக்கு 15 ரூபா. 2022 ஜூலையில் அதே சிலிண்டர் 4,910 ரூபா. எல்லை 49 ரூபாவுக்கு ஏறியது. வரிசையில் நின்றும் கேஸ் கிடைக்காத அந்த மாதங்களில் இன்டக்‌ஷன் வாங்கியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. கேஸ் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். மின்கட்டணம் அப்போது இன்னும் ஏறியிருக்கவில்லை என்பது மற்றது.

2025ல் கொழும்பு விலை 3,690 ரூபா. திருகோணமலைக்கு வரும்போது போக்குவரத்துச் செலவு சேர்ந்து சற்றுக் கூடும். கணக்குக்காக 3,800 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒரு கிலோ கேஸ் 304 ரூபா, எல்லை யூனிட்டுக்கு 38 ரூபா.

இனி ஒரு மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு அரைக் கிலோ அரிசியில் சோறு, பருப்பு, மீன் குழம்பு, ஒரு மரக்கறி. சோற்றுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொதிக்க வேண்டும், அதில் ஒரு பகுதி ஆவியாகவும் போகும்; இன்டக்‌ஷனில் சுமார் 0.4 யூனிட். பருப்புக்கு 0.2, மீன் குழம்புக்குக் கால் யூனிட், மரக்கறிக்குக் கால் யூனிட் என்று வைத்தால் மொத்தம் 1.1 யூனிட். இதையே கேஸில் சமைத்தால் சுமார் 138 கிராம், அதாவது 42 ரூபா.

காலையில் தேத்தண்ணியும் புட்டோ இடியப்பமோ, இரவில் இன்னொரு சின்னச் சமையலும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 2.3 யூனிட், மாதம் 69 யூனிட் வரும். கேஸாகச் சொன்னால் மாதம் 8.6 கிலோ. ஒரு சிலிண்டர் ஆறு கிழமை நிற்கும் வீடு என்றால் உங்கள் வீடும் ஏறக்குறைய இதுதான். மாதக் கேஸ் செலவு 2,620 ரூபா அளவில்.

கேஸ் பக்கம் இத்தோடு முடிந்தது. அரைச் சிலிண்டர் பாவித்தாலும் ஒன்றரைச் சிலிண்டர் பாவித்தாலும் கிலோ விலை மாறாது. மின்சாரத்தில் அப்படி இல்லை, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2025 ஜூன் திருத்தத்தின்படி, மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யூனிட் 8 ரூபா. 60ஐத் தாண்டினால் அந்தச் சலுகை முழுவதுமாகப் போய்விடும். முதல் 60 யூனிட்டும் 12.75 ரூபாவுக்கு மாறும். 61இலிருந்து 90 வரை 18.50, 91இலிருந்து 120 வரை 24, 121இலிருந்து 180 வரை 41, அதற்கு மேல் 61 ரூபா. இவற்றோடு நிலையான கட்டணம் ஒன்று உண்டு: 30 யூனிட்டுக்குள் 80 ரூபா, 60க்குள் 210, 90க்குள் 400, 120க்குள் 1,000, 180க்குள் 1,500, அதற்கு மேல் 2,100. வரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பெரும்பாலானவர்கள் மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, "யூனிட் இருபது ரூபா தானே" என்கிறார்கள். அந்தச் சராசரி இங்கே உதவாது. ஃபிரிட்ஜும் மின்விசிறியும் விளக்கும் தண்ணீர் மோட்டரும் ஏற்கெனவே கீழ்ப்படிகளை நிரப்பிவிட்டன. இன்டக்‌ஷன் கடைசியாக வந்த விருந்தாளி. அதன் யூனிட்டுகள் எப்போதும் மேல்படியில்தான் உட்காரும். அது புதிய படிக்குள் கால்வைத்தால், அந்தப் படியின் நிலையான கட்டணமும் அதன் தலையில்தான் விழும்.

ஒரு வீட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். பாலையூற்றில் நான்கு பேர் உள்ள ஒரு வீடு என்று வையுங்கள். இன்டக்‌ஷன் வருமுன் மாதம் 85 யூனிட். பில்: முதல் 60க்கு 765 ரூபா, அடுத்த 25க்கு 462.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,628 ரூபா அளவில். இப்போது முழுச் சமையலையும் இன்டக்‌ஷனுக்கு மாற்றுகிறார்கள். 69 யூனிட் சேர்ந்து 154 ஆகிறது. புதிய பில் 4,934 ரூபா. கூடியது 3,306 ரூபா. மிச்சமான கேஸ் 2,620 ரூபா. மாதம் ஏறக்குறைய 690 ரூபா நட்டம்.

நட்டம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். கூடிய 69 யூனிட்டில் 5 யூனிட் 18.50 படியில், 30 யூனிட் 24 படியில், 34 யூனிட் 41 படியில் விழுந்தன. இவற்றின் விலை மட்டும் 2,206 ரூபா. அது கேஸைவிடக் குறைவு! மிச்சம் 1,100 ரூபா, நிலையான கட்டணம் 400இலிருந்து 1,500க்கு ஏறியதால் வந்தது. யூனிட் விலையை மட்டும் பார்த்து இன்டக்‌ஷன் லாபம் என்று சொல்பவர் தப்பாகக் கணக்குப் போடவில்லை, பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார். நிலையான கட்டணத்தையும் சேர்த்தால் இந்த வீட்டில் ஒரு இன்டக்‌ஷன் யூனிட்டின் உண்மை விலை 48 ரூபா. அந்த மத்தியானச் சாப்பாடு கேஸில் 42 ரூபா, இன்டக்‌ஷனில் 53 ரூபா.

சரி, முழுவதும் மாற்றாமல் சோற்றையும், தேத்தண்ணிக்குக் காலையும் மாலையும் கொதிக்கவைக்கும் தண்ணீரையும் மட்டும் மாற்றினால்? சோறு 0.4 யூனிட், இரண்டு லீற்றர் தண்ணீர் இரண்டு தரம் கொதிக்க, தரம் ஒன்றுக்கு 0.2. நாளுக்கு 0.8, மாதம் 24 யூனிட். இதைக் கேஸில் செய்தால் மாதம் 912 ரூபா. அதே 85 யூனிட் வீட்டில் இது 109க்கு ஏறும். பில் 1,148 ரூபா கூடும். இங்கும் நட்டம், 236 ரூபா. 90ஐத் தாண்டிய உடனேயே 600 ரூபா நிலையான கட்டணம் ஏறிவிடுகிறது.

இப்போது பக்கத்து வீட்டுக்குப் போவோம். அங்கே பெரிய ஃபிரிட்ஜ், பிள்ளைகள் இரவில் படிக்கிறார்கள், இன்டக்‌ஷன் இல்லாமலே மாதம் 95 யூனிட். அந்த 1,000 ரூபா நிலையான கட்டணத்தை அவர்கள் எப்படியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே சோறும் அதே தண்ணீரும் சேர்ந்து 119 யூனிட் ஆகிறது. படி மாறவில்லை. கூடியது 24 யூனிட்டுக்கு 24 ரூபா வீதம் 576 மட்டும். கேஸில் 912. மாதம் 336 ரூபா மிச்சம். ஒரு நேரச் சோறு கேஸில் 15 ரூபா, இன்டக்‌ஷனில் 10 ரூபாவுக்குக் கீழே. ஒரே சோறு, ஒரே தண்ணீர். ஒரு வீட்டில் 236 ரூபா நட்டம், மற்ற வீட்டில் 336 ரூபா லாபம். கூடுதலாகக் கரண்ட் எரிக்கும் வீட்டுக்குத்தான் லாபம் கிடைக்கிறது என்பது கேட்கக் கொஞ்சம் அநியாயமாக இருக்கும், ஆனால் கட்டண அமைப்பு அப்படி.

ஆனால் அதே 95 யூனிட் வீடு ஆசைப்பட்டு முழுச் சமையலையும் மாற்றினால் 164க்குப் போகும். 120ஐத் தாண்டியதும் 41 ரூபாப் படி, இன்னொரு 500 ரூபா நிலையான கட்டணம். பில் 2,904 ரூபா கூடும். கேஸ் மிச்சம் 2,620. லாபமாக இருந்தது நட்டமாகிவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. "என் மீற்றர் நிற்கும் படியில் இன்னும் எத்தனை யூனிட் இடம் இருக்கிறது?" அந்த இடத்துக்குள் அடங்கும் சமையலை மட்டும் இன்டக்‌ஷனில் வைத்து, மிச்சத்தைக் கேஸில் விடுவதுதான் 2025 ஜூன் கட்டணத்தில் மலிவான வழி.

மிகக் குறைவாகக் கரண்ட் பாவிக்கும் வீடுகளுக்கு இது இன்னும் கூர்மையானது. மாதம் 50 யூனிட் வீட்டில் 10 யூனிட் சேர்த்து 60இல் நிறுத்தினால் கூடுவது 80 ரூபா. அந்த 10 யூனிட் வேலைக்குக் கேஸ் என்றால் 380 ரூபா. இதைவிட மலிவாகச் சமைக்க விறகைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அடுத்த ஒரே ஒரு யூனிட், அறுபத்தொன்றாவது, பில்லை 585இலிருந்து 1,183க்குத் தூக்கிவிடும். கிட்டத்தட்ட 600 ரூபாவுக்கு ஒரு யூனிட். மீற்றரைப் பார்க்காமல் இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது. மறு முனையில், ஏசி ஓடி மாதம் 200 யூனிட் போகும் வீட்டில் ஒவ்வொரு இன்டக்‌ஷன் யூனிட்டும் 61 ரூபா. நமது மத்தியானச் சாப்பாடு அங்கே 67 ரூபா. அந்த வீட்டுக்குக் கேஸ்தான்.

இன்னொரு விசயம் இருக்கிறது. படி என்பது வீட்டுக்கு மட்டுமல்ல, மாதத்துக்கும் மாறும். மார்கழியில் மழையும் வாடைக்காற்றும் இருக்கும்போது மின்விசிறி அவ்வளவாக ஓடாது. சித்திரையிலிருந்து ஆவணி வரை, வெயிலும் கச்சான்காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, இரண்டு மின்விசிறி விடியவிடிய ஓடும். ஒரு மின்விசிறி 60 வாட் என்று வைத்தால், இரண்டும் இரவுக்குப் பத்து மணிநேரம் ஓட மாதம் 36 யூனிட். மார்கழியில் லாபமாக இருந்த அதே இன்டக்‌ஷன் சோறு வைகாசியில் நட்டமாகலாம். வருடம் முழுவதற்கும் ஒரே பதில் வைத்திருக்க வேண்டியதில்லை. பில்லைப் படிக்கும்போது எத்தனை நாளுக்கான வாசிப்பு என்பதையும் பாருங்கள். படிகள் 30 நாள் கணக்கில் அமைந்தவை. வாசிப்பு 33 நாளுக்கு வந்தால் படிகளின் எல்லையும் அதற்கேற்ப நீளும்.

இதில் நான் எடுத்த 100 யூனிட் என்ற எண் உங்கள் குசினியில் மாறலாம். எந்தப் பக்கம் மாறும் என்று தெரிந்துகொள்வது நல்லது. கச்சான் அடிக்கும் மாதங்களில் யன்னல் பக்கமுள்ள கேஸ் அடுப்பின் சுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும். கொதி வரவே நேரமெடுக்கும். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து சட்டியடியில் கரி பிடித்தால் பர்னர் துவாரம் அடைத்திருக்கக்கூடும். சின்னச் சட்டியின் கீழ் பெரிய சுவாலை வைத்தால் ஓரத்தால் ஏறுவது எல்லாம் வீண். இப்படியான குசினியில் கேஸின் வெப்பத்தில் 40 வீதம்கூட உணவுக்குப் போகாமல் இருக்கலாம். அப்போது ஒரு சிலிண்டரின் வேலையை 80 யூனிட்டே செய்துவிடும், எல்லை 48 ரூபாவுக்கு ஏறும். மறுபக்கம், காற்றுத் தடுப்பு வைத்து, சுத்தமான பர்னரில், அகலமான சட்டியில் மூடியோடு சமைப்பவருக்கு ஒரு சிலிண்டர் 115 யூனிட்டுக்குச் சமம். எல்லை 33க்கு இறங்கும். இன்டக்‌ஷன் வாங்கும் முன் யன்னலோரம் ஒரு தகடு வைத்துப் பார்ப்பது செலவில்லாத வழி.

உங்கள் வீட்டு எண்ணை நீங்களே அளக்கலாம். கேஸுக்கு ஒரு தராசு போதும்: காலையில் சிலிண்டரை நிறுத்து, அன்றைய சமையல் எல்லாம் முடிந்தபின் மறுபடி நிறுங்கள். ஒரு நேரச் சமையல் நூற்றுச் சொச்சம் கிராம்தான் என்பதால் சாதாரணத் தராசில் தெரியாமல் போகலாம். ஒரு கிழமை விட்டு நிறுத்து ஏழால் வகுப்பது நம்பகமானது. கரண்டுக்கு, ஃபிரிட்ஜ் உட்பட மற்றவற்றை நிறுத்திவிட்டு மீற்றரில் மினுங்கும் சின்ன விளக்கை எண்ணலாம். எத்தனை மினுக்கத்துக்கு ஒரு யூனிட் என்பது மீற்றர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்க வையுங்கள். நம்மூர்த் தண்ணீர் 28 பாகையில் இருந்து கொதிக்க 0.084 யூனிட் வெப்பம் போதும். மீற்றர் 0.1 காட்டினால் உங்கள் அடுப்பும் சட்டியும் நன்றாகப் பொருந்துகின்றன. 0.13 காட்டினால் பெரும்பாலும் சட்டியில்தான் பிழை.

சட்டி விசயத்தில் நம்மவர்களுக்கு வரும் தொல்லை வேறு. இடியப்பம் அவிக்கும் அலுமினியப் பாத்திரம், பழைய அலுமினியச் சோற்றுப் பானை, மீன் குழம்புக்கான மண்சட்டி, இவை மூன்றும் இன்டக்‌ஷனில் வேலை செய்யாது. காந்தம் ஒன்றை அடியில் வைத்துப் பார்த்தால் போதும். இறுகப் பிடித்தால் சரி, வழுக்கினால் அந்தச் சட்டிக்குக் கேஸ்தான். லேசாகப் பிடிக்கும் எவர்சில்வர்ச் சட்டிகள் ஏமாற்றும். அடுப்பு ஓடும், சத்தமும் வரும், ஆனால் கொதிக்க நேரமெடுக்கும். அடி குழிந்த தாச்சியும் அப்படித்தான், நடுவில் மட்டும் சூடாகும். புதிதாக இரண்டு மூன்று சட்டி வாங்கினால் அந்தச் செலவு பல மாத மிச்சத்தைத் தின்றுவிடும். 336 ரூபா மிச்சமாகும் வீட்டில் அடுப்புக்கும் சட்டிக்குமாகப் பத்தாயிரம் ரூபா போட்டால், அது திரும்பிவர இரண்டரை வருடம். அதற்குள் கட்டணம் எத்தனை தரம் மாறுமோ!

மலிவான இன்டக்‌ஷன் அடுப்புகளில் இன்னொரு குணம் உண்டு. சூட்டைக் குறைத்தால் பல அடுப்புகள் மெல்ல எரிவதில்லை. முழு வேகத்தில் சில விநாடி ஓடி, சில விநாடி நின்று, மறுபடி ஓடும். தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கு இது ஆகாது, பால் திரைந்துவிடும். தண்ணீர் கொதிக்க, சோறு வைக்க, பருப்பு அவிக்க இந்தக் குணம் பிரச்சினையில்லை. கணக்கும் அதே வேலைகளைத்தான் இன்டக்‌ஷனுக்குக் கொடுக்கச் சொல்கிறது என்பதால், சொதியையும் குழம்பையும் கேஸில் விடுவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சோற்றுக்கு ரைஸ் குக்கர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவு யூனிட்டில் வேலையை முடித்துவிடும்; சோற்றுக்காக இன்டக்‌ஷன் வாங்க வேண்டியதில்லை.

2,000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்டத் துளைப் பிளக்கில் அடப்டர் போட்டுக் கொழுவினால் பிளக் சூடாகி உருகும். கையால் தொட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும். 13 அல்லது 15 அம்பியர் பிளக், தடித்த வயர், நீட்டு வயர் இல்லாமல். புதிய வயர் இழுக்கும் கூலியையும் மேலே சொன்ன பத்தாயிரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கூரையில் சூரியப் பலகை போட்டிருக்கும் பல வீடுகளுக்கு இந்தப் படிக்கணக்கு பொருந்தாது. மின்கட்டமைப்புக்கு யூனிட் கொடுத்து யூனிட் வாங்கும் ஏற்பாட்டில் இருப்பவர், மாத முடிவில் கையில் யூனிட் மிஞ்சியிருந்தால், அந்த மிச்சத்தில் சமைக்கலாம். அவருக்கு அது ஏறக்குறைய இலவசம். தன் பாவனை போக மிஞ்சும் யூனிட்டைக் காசுக்கு விற்கும் ஏற்பாட்டில் இருப்பவருக்கு, அவர் விற்கும் விலைதான் இன்டக்‌ஷன் யூனிட்டின் விலை. அந்த விலை 38 ரூபாவுக்குக் கீழே என்றால் சோறு மட்டுமல்ல, முழுச் சமையலையும் அடுப்பில் ஏற்றலாம்.